கரைவலைப் பாட்டு ஆங்கிலத்துக்குப் போகும்போது கை எங்கே விழ வேண்டும்? மழலையர் வகுப்புக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மண்டபம் பக்கம் ஒரு கடலோர ஊரில் எல்.கே.ஜி. பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். என் வகுப்பில் பாதிப் பேருக்கு அப்பா கடலுக்குப் போகிறவர். அவர்களுக்காக நானே கட்டிய ஒரு கரைவலைப் பாட்டு இருக்கிறது. கையும் காலும் ஆட்டிப் பாடுவது. ஆங்கிலப் பாட்டும் வேண்டும் என்று பெற்றோர் கேட்டபோது, மழையும் பனியும் பற்றிய பாட்டைவிட இந்தப் பாட்டையே ஆங்கிலத்தில் கொண்டுவரலாம் என்று நினைத்தேன். ஒரு ராத்திரி உட்கார்ந்து வரிக்கு வரி மாற்றி, பழைய அபிநயத்தை அப்படியே வைத்து இரண்டு வாரம் பாடினோம். பிள்ளைகள் ரொம்பப் பிரமாதமாகப் பாடினார்கள்.

அப்புறம் ஒரு நாள் பாட்டு இல்லாமல், சும்மா ஒரு பையனைக் கூப்பிட்டு "ஹோல்ட்" என்றேன். இரண்டு கையையும் விரித்து முன்னால் நீட்டினான். "ரோப்" என்றேன். டக்கென்று விரலை மடக்கிப் பிடித்துக்கொண்டான். பிடி என்பதற்கு 'ரோப்' என்றும், கயிறு என்பதற்கு 'ஹோல்ட்' என்றும் அவன் படித்திருந்தான். தவறு அவனுடையது இல்லை. என் கைதான் அவனுக்குத் தப்பாகச் சொல்லிக்கொடுத்திருந்தது.

அந்தப் பாட்டைத் திருத்திய கதையைத்தான் படிப்படியாக இங்கே எழுதுகிறேன். ஆங்கில வரிகளைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். வகுப்பில் உதவும் ஆயாம்மாவும், வீட்டில் பாடிக்காட்டும் அம்மாக்களும் அப்படியே வாசித்துப் பாட அதுதான் வசதி.

முதலில் தமிழ்ப் பாட்டும் அதன் கையும்

கயிறைப் பிடி, கயிறைப் பிடி, கெட்டியாப் பிடி!
வலையை இழு, வலையை இழு, எல்லாரும் இழு!
மடியைப் பாரு, மடியைப் பாரு, குனிஞ்சு பாரு!
மீனு துள்ளுது, மீனு துள்ளுது, துள்ளித் துள்ளுது!
நண்டு ஓடுது, நண்டு ஓடுது, குறுக்க ஓடுது!
மணலுக்குள்ளே, மணலுக்குள்ளே, ஒளிஞ்சு போச்சு!

கரைவலை பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. வலையைப் படகில் கொண்டுபோய்க் கடலில் அரைவட்டமாக விட்டுவிட்டு, இரண்டு முனைக் கயிறையும் கரையில் இரண்டு வரிசை ஆட்கள் பின்னால் சாய்ந்து சாய்ந்து இழுப்பார்கள். நடுவில் பை மாதிரி இருக்கும் பகுதிதான் மடி. மீன் அதில்தான் வந்து சேரும். எங்கள் பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. உங்கள் பிள்ளைகள் பார்த்ததில்லை என்றால் வேறு பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பார்க்காத வேலைக்கு அபிநயம் பிடித்தால் அது வெறும் கையாட்டல்தான்.

எந்தப் பாட்டை எடுத்தாலும் மொழிமாற்றுவதற்கு முன்னால் இந்த வேலையைச் செய்யுங்கள். ஒரு தாளில் தமிழ் வரியை எழுதி, கை எந்தச் சொல்லில் 'விழுகிறதோ' அந்தச் சொல்லுக்குக் கீழே கோடு போடுங்கள். கை நகரத் தொடங்கும் இடம் வேறு, விழும் இடம் வேறு. முதல் வரியில் 'கயிறை' என்னும்போது கை முன்னால் போகிறது. 'பிடி' என்னும்போது விரல் மடங்குகிறது. விரல் மடங்குவதுதான் அபிநயம், கை போவது அதற்கான ஆயத்தம். ஆக, கோடு 'பிடி'யின் கீழே வர வேண்டும். ஆறு வரிக்கும் இப்படிக் கோடு போட்டுப் பார்த்தால் எல்லாக் கோடும் வலது பக்கமே, வினைச்சொல்லின் கீழேயே இருக்கும். தமிழில் வினை கடைசியில் வரும் என்பது நமக்குப் பழகிப்போன விஷயம். அதனால் கையும் கடைசியில் விழுகிறது என்பது கோடு போட்டுப் பார்க்கும்வரை எனக்கே தெரியவில்லை.

'ஐ' வரும் வரியை வட்டமிடுங்கள்

இப்போது ஒவ்வொரு வரியிலும் 'ஐ' உருபு இருக்கிறதா என்று பாருங்கள். கயிறை, வலையை, மடியை. முதல் மூன்று வரியிலும் இருக்கிறது. கடைசி வரியில் 'ஐ' இல்லை, ஆனால் 'உள்ளே' என்று இடம் சொல்லும் சொல் இருக்கிறது. இந்த நான்கு வரிதான் ஆங்கிலத்தில் தலைகீழாகத் திரும்பும். 'வலையை இழு' என்பது 'புல் த நெட்' ஆகும். 'மணலுக்குள்ளே ஒளி' என்பது 'ஹைட் இன் த சேண்ட்' ஆகும். வினை முன்னால் போய்விடும், பொருளும் இடமும் பின்னால் வரும்.

நான்காவது, ஐந்தாவது வரியைப் பாருங்கள். மீன் துள்ளுது, நண்டு ஓடுது. இவற்றில் 'ஐ' இல்லை. யார், என்ன செய்கிறார் என்பது மட்டும்தான். இது ஆங்கிலத்திலும் அதே வரிசைதான்: 'ஃபிஷ்' முதலில், 'ஜம்ப்' அப்புறம். இந்த வரிகளுக்குத் தமிழ் அபிநயத்தை அப்படியே வைத்துக்கொள்ளலாம், ஒன்றும் கெடாது.

ஆகப் பாட்டு முழுக்க மாற்ற வேண்டியதில்லை. வட்டமிட்ட வரிக்கு மட்டும் கையை மறுபடி அமைக்க வேண்டும். என் பையன் மாறிப் படித்ததும் வட்டமிட்ட வரியில்தான். அதே பையனிடம் 'ஜம்ப்' என்றபோது சரியாகவே குதித்தான்.

சொல்லைத் தேர்ந்தெடுக்கும்போது கையைக் கேளுங்கள்

என் முதல் வரைவு 'கேட்ச் த ரோப்' என்றுதான் தொடங்கியது. நம் பேச்சில் பந்தையும் பிடிப்போம், கையையும் பிடிப்போம், கயிறையும் பிடிப்போம், மீனும் பிடிப்போம். எல்லாம் 'பிடி'தான். ஆங்கிலத்தில் பறந்து வருவதை, ஓடுவதை எட்டிப் பிடிப்பது 'கேட்ச்'. கையில் இருப்பதை விடாமல் வைத்திருப்பது 'ஹோல்ட்'. எந்தச் சொல் என்று குழப்பம் வந்தால் அகராதியைப் பார்ப்பதற்கு முன்னால் உங்கள் கையைப் பாருங்கள். கயிறு பிடிக்கும் கை அசையாமல் இறுகி நிற்கிறது. அப்படியானால் அது 'ஹோல்ட்'. ஒருவர் கயிறை உங்களை நோக்கி வீசி, நீங்கள் எட்டிப் பிடிப்பதாக இருந்தால் மட்டும்தான் 'கேட்ச்'.

மூன்றாம் வரியில் வேறு ஒரு சிக்கல். 'மடி'க்கு மூன்று வயதுப் பிள்ளை சொல்லக்கூடிய ஆங்கிலச் சொல் இல்லை. அதனால் 'லுக் இன்சைட்' என்று வைத்தேன், சொல்வதற்கும் நன்றாக இருந்தது. ஆனால் ஐந்தாம் வரியில் நண்டுக்கு 'சைட், சைட், சைட்' என்று வருகிறது. பிள்ளைகளின் காதில் 'இன்சைட்' என்பதும் 'சைட்' என்றே விழுந்தது. வலைக்குள் குனிந்து பார்க்க வேண்டிய இடத்தில் நாலு பேர் நண்டு மாதிரி நகர ஆரம்பித்தார்கள். அதை எடுத்துவிட்டு 'லுக் இன் த நெட்' என்று வைத்தேன். ஒரே பாட்டில் ஒரே ஒலி இரண்டு வேறு அபிநயத்துக்கு வரக்கூடாது. எழுதி முடித்ததும் கண்ணால் வாசிக்காமல் சத்தமாகச் சொல்லிப் பார்த்தால் இது பிடிபடும்.

நான்காம் வரியை 'த ஃபிஷ் இஸ் ஜம்ப்பிங்' என்று எழுதினால் இலக்கணம் சரிதான். ஆனால் குதிக்கிற சொல்லின் பின்னால் 'இங்' என்று ஒரு வால் தொங்குகிறது. கால் தரையில் விழுந்த பிறகும் சொல் முடியவில்லை. 'ஃபிஷ் கேன் ஜம்ப்' என்றால் வினை மொட்டையாக, கால் விழும் நொடியிலேயே முடிகிறது. முதல் வரிகளில் கட்டளையாக வந்த வினையும் மொட்டையானதுதான் என்பதால் பாட்டு முழுவதும் ஒரே உருவமாக இருக்கும்.

ஐந்தாம் வரிக்கு முதலில் 'ரன்' என்றுதான் வைத்திருந்தேன். நண்டு ஓடுது, அவ்வளவுதானே? மாலையில் மைதானத்தில் "ரன்" என்றேன். இரண்டு பிள்ளைகள் விரலைக் கொடுக்கு மாதிரி வைத்துக்கொண்டு பக்கவாட்டில் நகர்ந்தார்கள். 'ரன்' என்றால் நண்டு போல நகர்வது என்று அவர்கள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். 'ஓடு' என்ற பரந்த சொல்லுக்கு நான் கொடுத்த அபிநயம் மிகவும் குறுகியது. அதனால் சொல்லையும் அபிநயம் அளவுக்குக் குறுக்கினேன். 'க்ராப்ஸ் கேன் வாக், சைட், சைட், சைட்'. 'சைடு' எப்படியும் வீட்டில் கேட்கிற சொல்தான். தமிழில் இருந்த 'குறுக்க' என்ற அழகும் தப்பித்தது.

இப்படியாகக் கடைசியில் நின்ற வடிவம் இது:

ஹோல்ட் த ரோப், ஹோல்ட் த ரோப், ஹோல்ட், ஹோல்ட், ஹோல்ட்!
புல் த நெட், புல் த நெட், புல், புல், புல்!
லுக் இன் த நெட், லுக் இன் த நெட், லுக், லுக், லுக்!
ஃபிஷ் கேன் ஜம்ப், ஃபிஷ் கேன் ஜம்ப், ஜம்ப், ஜம்ப், ஜம்ப்!
க்ராப்ஸ் கேன் வாக், க்ராப்ஸ் கேன் வாக், சைட், சைட், சைட்!
ஹைட் இன் த சேண்ட், ஹைட் இன் த சேண்ட், ஹைட், ஹைட், ஹைட்!

'எல்லாரும்', 'கெட்டியா', 'குனிஞ்சு' எல்லாம் போய்விட்டதே என்று முதலில் எனக்கு மனசு வரவில்லை. ஆனால் குனிவதை உடம்பு செய்கிறது, கெட்டியாகப் பிடிப்பதை விரல் செய்கிறது, எல்லாரும் இழுப்பதை எல்லாரும்தான் செய்கிறார்கள். கை சொல்லிவிடுவதை வாய் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. எதை விடலாம் என்று முடிவெடுக்க எனக்கு இதுதான் அளவுகோல். 'சைட்', 'ஹைட்' இரண்டும் தானாக ஒத்துவந்ததைத் தவிர, கடைசி வார்த்தைகளில் இயைபு இல்லை என்பதையும் கவனித்திருப்பீர்கள். இயைபுக்காக 'ரோப்'புக்கு 'சோப்' தேடிப் போனால் கரைவலைப் பாட்டுக்குள் சோப்பு வந்துவிடும். அதே சொல்லை மூன்று தடவை அடுக்குவதே இந்த வயதுக்குப் போதுமான சந்தம்.

தட்டும் கையும்

ஒரு வரிக்கு எட்டுத் தட்டு. 'புல் த நெட்' இரண்டு தட்டு: ஒன்று 'புல்'லில், இன்னொன்று 'நெட்'டில். திரும்பப் பாடும்போது இன்னும் இரண்டு. அப்புறம் 'புல், புல், புல்' மூன்று. எட்டாவது தட்டு மௌனம்.

இதில் நாம் வழக்கமாகத் தவறும் இடம் அந்த நடுவில் இருக்கும் 'த'. தமிழில் ஒவ்வொரு எழுத்துக்கும் அதனதன் மாத்திரை உண்டு, எதையும் விழுங்க மாட்டோம். அதே பழக்கத்தில் 'புல் – தி – நெட்' என்று மூன்றையும் சமமாகச் சொல்கிறோம். ஆங்கிலத்தில் 'புல்', 'நெட்' இரண்டும் அழுத்தமானவை. 'த' இடையில் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். 'லுக் இன் த நெட்'டிலும் அதே இரண்டு தட்டுதான், 'இன் த' இரண்டும் சேர்ந்து அந்த இடைவெளிக்குள் அடங்க வேண்டும். சோதிக்க எளிய வழி, தொடையில் இரண்டே தட்டுத் தட்டி வரியைச் சொல்லிப் பாருங்கள். மூன்றாவது தட்டு வேண்டும் என்று கை கேட்டால் 'த'வை நீட்டுகிறீர்கள் என்று அர்த்தம். 'த'வுக்கும் 'இன்'னுக்கும் 'கேன்'னுக்கும் அபிநயம் வைக்கவே வேண்டாம். அபிநயம் வைத்தால் அந்தச் சொல் தானாக அழுத்தம் பெற்றுவிடும், வரி நொண்டும்.

அடுத்தது, இந்த வழிகாட்டியில் எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். தமிழில் 'கயிறை' என்று சொல்லும் நேரத்தில் கை ஆயத்தமாகிவிடும், 'பிடி'யில் விழும். ஆங்கிலத்தில் வினை வரியின் முதல் சொல். கை ஆயத்தமாக நேரமே இல்லை. 'ஹோல்ட்' என்று வாய் சொன்ன பிறகு கை கிளம்பினால், அது போய்ச் சேரும்போது வாய் 'ரோப்'பில் இருக்கும். என் வகுப்பில் நடந்தது இதுதான். பழைய அபிநயத்தை நான் மாற்றியிருந்தால்கூட இது நடந்திருக்கும், ஏனென்றால் மூன்று வயதுக் கை மெதுவானது.

அதற்குத்தான் எட்டாவது தட்டின் மௌனம். 'ஹோல்ட், ஹோல்ட், ஹோல்ட்' முடிந்து வரும் அந்த வெற்றுத் தட்டில் நீங்கள் அடுத்த வரிக்குக் கையைக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். இழுப்பதற்கு முன்னால் கை முன்னுக்கு நீளும். பார்ப்பதற்கு முன்னால் கை நெற்றிக்குப் போகும். பிள்ளைகள் உங்கள் கையைப் பார்த்து அவர்களும் கொண்டுபோவார்கள். அடுத்த தட்டில் வாயும் கையும் ஒன்றாக விழும். முதல் வரிக்கு முன்னால் மௌனம் கிடையாது என்பதால் "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணி, "ரெண்டு" என்னும்போது கையை நீட்டுங்கள்.

வேகம் அதிகம் வேண்டாம். நிமிஷத்துக்கு எழுபது தட்டு அளவில் நாங்கள் பாடுகிறோம். நெஞ்சில் கை வைத்துப் பார்த்தால் சும்மா உட்கார்ந்திருக்கும்போது துடிக்கிற வேகம் ஏறக்குறைய அதுதான். அதற்கு மேல் போனால் குதிக்கும் வரியில் பிள்ளைகள் இரண்டு குதிப்புக்கே மூச்சு வாங்கி நிற்பார்கள், மூன்றாவது 'ஜம்ப்' கால் இல்லாமல் வாயில் மட்டும் போகும்.

வினைக்குக் கை, பொருளுக்குப் பொருள்

'ஹோல்ட்'டுக்கு ஒரு கை, 'ரோப்'புக்கு இன்னொரு கை என்று இரண்டு அபிநயம் வைத்துப் பார்த்தேன். எல்.கே.ஜி. பிள்ளைகளால் அடுத்தடுத்த தட்டில் இரண்டு வேறு கை வைக்க முடியவில்லை. இரண்டும் கலந்து குழம்பியது. ஆகவே ஒரு வரிக்கு ஒரே அபிநயம், அது வினைக்கு. பெயர்ச்சொல்லுக்கு நிஜப் பொருளையே கொண்டுவந்தேன். ஒரு பெற்றோர் கொடுத்த பழைய நைலான் கயிறு பத்து முழம், கிழிந்த வலை ஒரு துண்டு, ஒரு தட்டில் கடற்கரை மணல். கயிறு கையில் இருக்கும்போது 'ரோப்' எது என்று யாரும் கேட்பதில்லை.

வலைத் துண்டு இன்னொரு காரணத்துக்கும் வேண்டும். எங்கள் பிள்ளைகளுக்கு 'நெட்' என்றால் ஏற்கெனவே ஒரு பொருள் உண்டு: "அம்மா, நெட்டு தீந்துபோச்சு" என்று போனை நீட்டுகிற நெட்டு. முதல் நாள் 'புல் த நெட்' பாடியபோது ஒரு பிள்ளை காதில் கையை வைத்துப் போன் பேசிக் காட்டினாள். 'புல்' என்றதும் இன்னொருத்தி ஜன்னலுக்கு வெளியே புல்லைக் காட்டினாள். இரண்டும் அவர்கள் அறிவுக்குச் சரிதான். வலையைத் தரையில் போட்டு, அதைத் தொட்டு 'நெட்' என்று சொல்லி, அதை இழுத்து 'புல்' என்று சொன்ன பிறகு அந்தக் கேள்வி வரவில்லை.

இனி ஒவ்வொரு கையையும் சுருக்கமாகச் சொல்கிறேன். 'ஹோல்ட்': கயிறின் மேல் விரல் இறுகும், வேறு எதுவும் அசையாது. 'புல்': இரண்டு முஷ்டியும் நெஞ்சை நோக்கி வரும். கரையில் இழுப்பவர்கள் பின்னால் அடி வைத்து நகர்வார்கள் என்று நானும் நிற்கவைத்துச் செய்தேன். பின்னால் சாய்ந்து ஒருவர் மேல் ஒருவராக விழுந்தார்கள், ஒரு பிள்ளைக்கு உதட்டில் அடி பட்டது. அன்றிலிருந்து முதல் மூன்று வரியும் தரையில் உட்கார்ந்துதான். உட்கார்ந்தாலும் கை நெஞ்சுக்கு வருவது மிக முக்கியம், பின்னாளில் 'புஷ்' வரும்போது கை எதிர்த்திசையில் போகும், ஒன்றுக்கொன்று துணை. 'லுக்': ஒரு கை புருவத்தின் மேல், முதுகு வளைந்து கண் வலைக்குள் இருக்க வேண்டும். தூரத்தில் கப்பலைத் தேடுகிற மாதிரி நிமிர்ந்து பார்த்தால் தவறு.

மூன்றாம் வரி முடிந்ததும் ஒரு பெரிய மாற்றம் இருக்கிறது. இதுவரை பிள்ளை வலை இழுக்கிற ஆள். இனிமேல் பிள்ளையே மீன், அப்புறம் நண்டு. தமிழில் 'இழு' என்பது கட்டளை, 'துள்ளுது' என்பது அஃறிணை, சொல்லே காட்டிக்கொடுத்துவிடும். ஆங்கிலத்தில் 'புல்'லும் 'ஜம்ப்'பும் கேட்க ஒன்றுபோல இருக்கின்றன. அதனால் மீனைக் கையால் குதிக்கவைப்பதா, தானே குதிப்பதா என்று பிள்ளைகள் தடுமாறினார்கள். இங்கே பாட்டை எட்டுத் தட்டு நிறுத்துங்கள். எல்லாரும் கயிறைக் கீழே போட்டு, எழுந்து நின்று, உள்ளங்கை இரண்டையும் சேர்த்து முன்னால் வைத்துக்கொள்ளட்டும். அந்தச் சேர்ந்த கைதான் 'ஃபிஷ்'. 'ஜம்ப்'பில் இரண்டு காலும் சேர்ந்து குதிக்க வேண்டும். ஒற்றைக் காலில் குதிப்பது இந்த வயதில் நிறையப் பேருக்கு வராது, கேட்கவும் வேண்டாம்.

நண்டுக்குக் கட்டைவிரலும் மற்ற நாலு விரலும் கொடுக்காக. பக்கவாட்டு நடைக்கு வலது, இடது என்று சொல்லாதீர்கள். நீங்கள் பிள்ளைகளைப் பார்த்து நிற்பதால் உங்கள் வலது அவர்களுக்கு இடது. "கதவுப் பக்கம்" என்று சொல்லி நீங்கள் நகர்ந்தால் போதும், எல்லாரும் ஒரே திசையில் வருவார்கள். 'ஹைட்'டில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொள்வது. கடைசி 'ஹைட்'டுக்குப் பிறகு நாலு தட்டு யாரும் அசையாமல் இருக்க வேண்டும். முப்பது பிள்ளைகள் நண்டு மாதிரி மூச்சடக்கி உட்கார்ந்திருக்கும் அந்த நாலு தட்டு இருக்கிறதே, அடுத்த பாடத்துக்கு வகுப்பை அமைதியாக்க அதைவிட நல்ல வழி நான் பார்த்ததில்லை.

'நெட்டு' ஆகாமல் இருக்க

தமிழ்ச் சொல் வல்லின மெய்யில் முடியாது. க், ச், ட், த், ப், ற் கடைசியில் வந்தால் நம் நாக்கு தானாக ஒரு உகரத்தைச் சேர்த்துக்கொள்ளும். நெட்டு, ரோப்பு, லுக்கு. இது பிள்ளைகளின் குறை இல்லை, தாய்மொழி நாக்கில் போட்ட தடம். ஆனால் பாட்டில் இது தாளத்தைக் கெடுக்கும்: 'நெட்' ஒரு தட்டில் முடியாமல் 'டு' அடுத்த தட்டில் வந்து உட்காரும்.

வாயைத் திருத்தப் போனால் பிள்ளைகள் பாடுவதை நிறுத்திவிடுவார்கள். கையைத் திருத்தினால் போதும். 'புல்'லில் நெஞ்சுக்கு வந்த கை 'நெட்' என்னும்போது அங்கேயே 'டக்'கென்று நிற்கட்டும். நின்ற கை அடுத்த தட்டுவரை அசையக் கூடாது. கை இழுத்துக்கொண்டே போனால் வாயும் 'நெட்டூ' என்று போகிறது. கை சட்டென்று நின்றால் வாயும் நிற்கிறது. 'ரோப்'புக்கு உதட்டை மூடியே வைத்துக் காட்டுங்கள். 'ஃபிஷ்' மட்டும் 'பிஷ்' என்றுதான் வரும், மேல் பல்லைக் கீழுதட்டில் வைத்து மீன் முகம் காட்டினால் சிலருக்கு வரும். வராதவர்களை விட்டுவிடுங்கள்.

வகுப்பில் எத்தனை நாள்

முதல் இரண்டு நாள் தமிழ்ப் பாட்டு மட்டும், பொருள்களோடு. மூன்றாம் நாள் ஆங்கிலம். ஆனால் பிள்ளைகள் பாட வேண்டாம். நீங்கள் பாடுங்கள், அவர்கள் செய்யட்டும். ஜேம்ஸ் ஆஷர் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1960களில் வகுத்த முறை இது: கட்டளையைக் கேட்டு உடம்பால் செய்வது முதலில், பேசுவது அது தானாக வரும்போது. எங்கள் வகுப்பில் மூன்றாம் நாளே 'புல், புல், புல்' என்று அவர்களாகச் சேர்ந்துகொண்டார்கள். மூன்று தடவை அடுக்கி வரும் பகுதிதான் முதலில் வாயில் ஏறும், 'லுக் இன் த நெட்' கடைசியாக ஏறும். ஒரு நாளைக்கு இரண்டு வரிக்கு மேல் புதிதாகச் சேர்க்காதீர்கள்.

தமிழையும் ஆங்கிலத்தையும் ஒரே மூச்சில் மாற்றி மாற்றிப் பாடுவதை முதல் வாரம் தவிருங்கள். தமிழில் கை கடைசியில் விழும், ஆங்கிலத்தில் முதலில் விழும். அடுத்தடுத்துப் பாடினால் பழைய இடம் புதிய இடத்தைக் கலைத்துவிடும். ஒன்றைக் காலையிலும் மற்றதை மதியமும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வாரம் கழித்துச் சோதியுங்கள். பாட்டு இல்லாமல், தாளம் இல்லாமல், உங்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, வரிசை மாற்றி: "ஹைட்... புல்... லுக்... ஹோல்ட்." கையைக் கட்டுவது அவசியம். கட்டாவிட்டால் பிள்ளை சொல்லைக் கேட்காது, உங்கள் தோள் அசைவதைப் பார்த்தே செய்துவிடும். அப்புறம் புதிய பொருளோடு: பையைக் காட்டி "லுக் இன் த பேக்", பாயைக் காட்டி "புல் த மேட்". பாட்டில் இல்லாத வரியைச் செய்தால் சொல் ஒட்டிவிட்டது. பாட்டு வரியை மட்டும் செய்தால் இன்னும் அது வெறும் பாட்டுதான், ஒரு வாரம் கூடப் பாடுங்கள். முதல் பையனை இப்படித்தான் மறுபடி கூப்பிட்டேன். "ஹோல்ட்" என்றதும் பக்கத்தில் நின்றவளின் கையைப் பிடித்துக்கொண்டான்.

இன்னொரு வரி வேண்டுமென்றால்: பாம்பன் பாலம்

எங்கள் பிள்ளைகள் அடிக்கடி கேட்பது பாலப் பாட்டு. இங்கே கை நிஜத்தைப் பார்த்து மாற வேண்டியிருந்ததைச் சொல்லிவிடுகிறேன். 1914இல் திறந்த பழைய ரயில் பாலத்தில் கப்பல் வரும்போது நடுப்பகுதி இரண்டாகப் பிளந்து இரண்டு பக்கமும் மேலே எழுந்தது. அதற்கு நாங்கள் சின்ன வயதில் வைத்த கை: விரல் நுனிகளைத் தொடவைத்துப் பிரிப்பது. ஆங்கிலத்தில் அதற்கு 'ஓப்பன்' பொருந்தும். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீள நடுப்பகுதி பிளப்பதே இல்லை, லிஃப்ட் மாதிரி நேராக மேலே போகிறது. நம் வாயில் இரண்டுமே 'தூக்குப் பாலம்'தான், தமிழில் பழைய வரி அப்படியே நிற்கும். ஆங்கிலத்தில் நிற்காது.

இப்போது எல்.கே.ஜி.யில் இருக்கும் பிள்ளைகளுக்குப் பழைய பாலம் திறந்த நினைவு இருக்காது, 2022 டிசம்பரிலேயே அதில் ரயில் நின்றுவிட்டது. ஆகவே கையை மாற்றினேன். முழங்கை மடக்கி இரண்டு முன்கையையும் நெஞ்சுக்கு நேரே ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கவைத்து, சாயாமல் தலைவரை உயர்த்துவது. வரி: 'பிரிட்ஜ் கோஸ் அப், பிரிட்ஜ் கோஸ் அப், அப், அப், அப்!' இதில் 'ஐ' இல்லை, பாலம் தானே போகிறது, அதனால் வரிசை திரும்பவில்லை. 'பிரிட்ஜ்' என்னும்போது கை படுத்திருக்கும், 'அப்'பில் எழும். அடுத்த வரியில் 'டவுன்' என்று அதே கை அதே வழியில் இறங்கும், ரயில் போகும். கை இறங்கும்போது சாய்ந்துவிட்டால் எங்கள் பிள்ளைகளே நிறுத்தி, "மிஸ், ரயிலு விழுந்துரும்" என்கிறார்கள்.